எழுத்து படமான கதை: ஸ்க்ரீன் ரீடரும் மின்னஞ்சலும்

ஸ்க்ரீன் ரீடர் என்ற பெயரே கொஞ்சம் குழப்பமானது. பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த உதவும் இந்த மென்பொருள், பெயரைப் பார்த்தால் திரையில் தெரிவதைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அது எதையும் பார்ப்பதில்லை. திரைக்குப் பின்னால் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருப்பதை எடுத்துக் குரலாகவோ பிரெய்லியாகவோ மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். பின்னால் எழுத்து இல்லை என்றால், முன்னால் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இதை முதலில் பிடித்துக்கொண்டால், ஒரு மின்னஞ்சல் ஏன் சிலருக்குக் கேட்கிறது, ஏன் கேட்காமல் போகிறது என்பது தானாகப் புரியும். இன்று நம்ம இன்பாக்ஸுக்கு வரும் மெயில்களில் மூன்று கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். விஷயம் முழுக்கப் படத்துக்குள் இருக்கும். வரிசை குழம்பியிருக்கும். லிங்க் எல்லாம் "இங்கே" என்று இருக்கும். இவை வெறும் சோம்பேறித்தனத்தால் வந்தவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

எழுத்து மட்டும் இருந்த காலம்

1971-இல் ரே டாம்லின்சன் அர்ப்பாநெட்டில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்பியபோது அதில் எழுத்து மட்டும்தான் போனது. அடுத்த இருபது வருஷமும் பெரும்பாலும் அப்படியே. தலைப்பு, அனுப்பியவர், பெறுபவர், ஒரு காலி வரி, அதற்குக் கீழே விஷயம். 1982-இல் வந்த ஆர்.எஃப்.சி 822 என்ற விதிமுறையில் மெயிலின் உடம்பு என்பது வரிவரியான எழுத்துதான்.

அந்தக் காலத்துப் பி.சி.யின் திரையும் அப்படித்தான் இருந்தது. டாஸ் திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 2,000 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுத்து இருக்கு என்பதற்கான எண் மெமரியில் ஓர் இடத்தில் வரிசையாக இருக்கும். அதை எடுத்துப் பேச்சு எந்திரத்துக்கு அனுப்பினால் போதும், திரை பேச ஆரம்பித்துவிடும். ஐ.பி.எம்.மில் ஜிம் தாட்சர் 1980-களின் நடுவில் உருவாக்கிய ஸ்க்ரீன் ரீடர் இந்த வழியில்தான் வேலை செய்தது. இந்த வகை மென்பொருளுக்கே பொதுப்பெயராக நின்றுவிட்டது அந்தத் தயாரிப்பின் பெயர்தான். 1989-இல், விபத்தில் பார்வையை இழந்த பழைய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் தன் நிறுவனத்திலிருந்து ஜாஸ் என்ற ஸ்க்ரீன் ரீடரை வெளியிட்டார். அதுவும் முதலில் டாஸுக்குத்தான்.

ஆக, 1980-களின் கடைசியில் நிலைமை என்னவென்றால், மெயில் எழுத்து, திரையும் எழுத்து. ஸ்க்ரீன் ரீடர் வைத்திருந்த ஒருவருக்கு வந்த கடிதமும் மற்றவர்களுக்கு வந்த கடிதமும் ஒன்றேதான். அனுப்புகிறவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதற்காக அது பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. கையெழுத்துக்குப் பதிலாகக் கோடும் நட்சத்திரமும் வைத்துப் பூ வரைவார்கள். கேட்பவருக்கு அது "ஸ்டார் ஸ்டார் டேஷ் டேஷ்" என்று ஓடும். ஸ்பேஸ் தட்டித் தட்டிப் பத்தி பிரிப்பார்கள். வெறும் எழுத்து என்றாலே நல்லபடியாகக் கேட்கும் என்பது அன்றைக்கே உண்மையில்லை. எழுத்தை வைத்துப் படம் வரைந்தால் அதுவும் படம்தான்.

பிறகு ஜன்னல்கள் வந்தன. விண்டோஸ், ஓ.எஸ்/2 போன்ற வரைகலைத் திரைகளில் எழுத்து என்பது வெறும் புள்ளிகளின் கூட்டம். 2,000 கட்டமும் போச்சு. எடுத்துப் படிக்க மெமரியில் எழுத்து வரிசை இல்லை. திரையில் எழுத்தை வரையச் சொல்லிப் போகும் கட்டளைகளை நடுவழியில் ஒட்டுக்கேட்டு, எந்த இடத்தில் என்ன எழுத்து வரைந்தார்கள் என்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள் ஸ்க்ரீன் ரீடர் செய்தவர்கள். இதை 'திரைக்கு வெளியே ஒரு மாதிரி' என்று அழைத்தார்கள். எழுத்து புள்ளியாக மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் அதைப் பிடித்துவிடுவதுதான் சூட்சுமம். புள்ளியான பிறகு பிடிக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, கொஞ்சம் கழித்து மறுபடி வரும்.

மெயிலுக்குள் படம் வந்த நாள்

1992 மார்ச் 11 அன்று நதானியல் போரென்ஸ்டீன் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். அதில் அவரும் நண்பர்களும் சேர்ந்த நால்வர் பாட்டுக் குழுவின் புகைப்படமும், அவர்கள் பாடிய ஒலிப்பதிவும் இணைப்பாகப் போயின. மெயிலுக்குள் எழுத்தல்லாத பொருளை அனுப்ப அவரும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற முறையின் முதல் பெரிய வெள்ளோட்டம் அது. அதே வருஷம் ஜூனில் ஆர்.எஃப்.சி 1341 என்ற பெயரில் அந்த முறை வெளியானது.

அந்த ஆவணத்தைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒரு விஷயம். படத்துக்கு வழி செய்த அதே கையோடு, படத்தைப் பார்க்க முடியாதவருக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, இணைக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்தில் ஒரு விளக்கம் சேர்க்கத் தனி வரி உண்டு. அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம், எண்டெவர் விண்வெளி ஓடத்தின் படத்துக்கு அது இன்ன படம் என்று குறிப்பு எழுதுவது. இன்னொன்று, ஒரே விஷயத்தை இரண்டு மூன்று வடிவில் ஒரே கவரில் போட்டு அனுப்பும் வசதி. எளியது முதலில், வளமானது கடைசியில். பெறுகிற மென்பொருள் தன்னால் காட்ட முடிந்தவற்றில் கடைசியானதை எடுத்துக்கொள்ளும். இன்றும் உங்கள் மெயிலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் இந்த அமைப்பைப் பார்க்கலாம்:

```
Content-Type: multipart/alternative; boundary="x1"

--x1
Content-Type: text/plain; charset=utf-8
--x1
Content-Type: text/html; charset=utf-8
--x1--
```

இங்கே ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கு. "நாங்கதான் வெறும் எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்புறோமே, ஸ்க்ரீன் ரீடர் அதைப் படிச்சுக்கும்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எந்த வடிவத்தைக் காட்டுவது என்று தீர்மானிப்பது மெயில் மென்பொருள். ஸ்க்ரீன் ரீடர் அந்த மென்பொருள் காட்டுவதைத்தான் படிக்கிறது. அவுட்லுக்கோ ஜிமெயிலோ ஹெச்டிஎம்எல் வடிவத்தைக் காட்டக்கூடியவை, ஆகவே அதையே காட்டும். பார்வை இல்லாதவர் பயன்படுத்துவதும் அதே அவுட்லுக், அதே ஜிமெயில்தான். அமைப்புகளில் தேடிப்போய் 'எழுத்தாக மட்டும் காட்டு' என்று மாற்றி வைத்திருந்தாலொழிய, அந்த எளிய வடிவம் கவருக்குள்ளேயே கிடக்கும். சரி செய்ய வேண்டியது ஹெச்டிஎம்எல் வடிவத்தைத்தான்.

ஹெச்டிஎம்எல்லிலும் படத்துக்கு மாற்றாக எழுத்து வைக்கும் இடம் சீக்கிரமே வந்துவிட்டது. 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் பக்கத்துக்குள் படம் காட்டும் குறியை முன்மொழிந்தார். அதே வருஷத்தின் ஹெச்டிஎம்எல் வரைவில், படம் காட்ட முடியாத இடங்களுக்காக ஆல்ட் என்ற பண்பு சேர்ந்தது. 1997-இன் ஹெச்டிஎம்எல் 4-இல் அது கட்டாயம் என்றே ஆனது. ஆக இடம் இல்லாமல் இல்லை, இருந்த இடத்தைக் காலியாக விட்டதுதான் கதை.

ஏன் எல்லாம் படமானது

மெயில் வடிவமைப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. வெப் பக்கத்துக்கு நாலைந்து பிரவுசரைச் சமாளித்தால் போதும். மெயிலுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மெயில் மென்பொருளும் ஹெச்டிஎம்எல்லை ஒவ்வொரு விதமாக வெட்டும். 2007-இல் அவுட்லுக் அதுவரை மெயிலைக் காட்டப் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஞ்சினை விட்டுவிட்டு வேர்டின் எஞ்சினுக்கு மாறியது. வெப்பில் பழகிய நிறைய சி.எஸ்.எஸ். வசதிகள் அங்கே வேலை செய்யவில்லை. ஜிமெயில் 2016 வரை தலைப்பகுதியில் எழுதிய ஸ்டைல் விதிகளை உருவி எறிந்துகொண்டிருந்தது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிந்தவை இரண்டுதான். ஒன்று பழைய காலத்து டேபிள். இன்னொன்று படம். அதனால் டேபிளை வைத்துக் கட்டம் போட்டார்கள். இன்னும் வசதியாக, முழு வடிவமைப்பையும் ஒரே படமாகச் செய்து, கத்தரித்து, கட்டத்துக்கு ஒரு துண்டாக ஒட்டினார்கள். எழுத்துரு மாறாது, வரி உடையாது, முதலாளி கேட்ட நிறம் அப்படியே வரும். அனுப்புகிறவருக்கு நிம்மதி.

இந்த நிம்மதியைக் குலைத்தது ஒரு பத்து வருஷம். அவுட்லுக் 2003 முதல், வெளியிலிருந்து வரும் படங்களை அது தானாகக் காட்டாமல் நிறுத்தியது. ஒரு புள்ளி அளவுப் படத்தை மெயிலில் ஒளித்துவைத்து, அது எப்போது இறங்குகிறது என்பதை வைத்து யார் திறந்தார்கள் என்று வேவு பார்க்கும் பழக்கம் அதற்குள் வந்திருந்தது. ஜிமெயிலும் படம் காட்டுமுன் அனுமதி கேட்டது. விளைவு, படமாக அனுப்பிய மெயில் பார்வை உள்ளவருக்கும் வெறும் கட்டங்களாகத்தான் முதலில் தெரிந்தது. அப்போதுதான் விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஆல்ட் எழுதப் பழகினார்கள். பார்வை இல்லாதவர்களை நினைத்து இல்லை, கட்டம் காலியாகத் தெரியக்கூடாதே என்று.

2013 டிசம்பரில் ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாக வாங்கித் தானாகவே காட்ட ஆரம்பித்தது. பார்வை உள்ள ஜிமெயில் வாசகருக்குப் பிரச்சினை தீர்ந்தது. அதோடு, ஆல்ட் எழுத வைத்த அந்த நெருக்கடியும் தளர்ந்தது என்பது என் ஊகம். பத்து வருஷம் இரண்டு தரப்பும் ஒரே படகில் இருந்தார்கள், பிறகு ஒரு தரப்பு மட்டும் கரையேறியது.

இதே கதையில் இன்னொரு பாத்திரமும் உண்டு. 2006 வாக்கில் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தங்கள் வாசகங்களைப் படத்துக்குள் போட ஆரம்பித்தார்கள். வடிகட்டிகள் எழுத்தைத்தான் படிக்கும், படத்தைப் படிக்காது என்பதால். வடிகட்டிகள் பதிலுக்கு, எழுத்து குறைவாகவும் படம் அதிகமாகவும் உள்ள மெயிலையே சந்தேகிக்கக் கற்றுக்கொண்டன. ஸ்பாம்அசாசின் என்ற பிரபல வடிகட்டியில் இதற்கென்றே விதிகள் இருக்கு. எந்திரம் படிக்கக்கூடாது என்று திட்டமிட்டு ஒருவன் செய்ததையே, தெரியாமல் நாமும் நம்ம அறிவிப்புகளில் செய்துகொண்டிருக்கிறோம். எழுத்தைப் புள்ளியாக்கி விடுகிறோம்.

ஒரு மெயிலைக் கேட்டுப் பார்ப்போம்

இதைச் சோதிக்க ஒரு மாதிரி மெயில் செய்தேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் அனுப்புகிற மாதிரி. மூன்று பிளாக்கிலும் தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறார்கள், அன்றன்று தண்ணீர் வராது. டேங்கர் வேண்டுமானால் முன்பே பதிவு செய்யணும். வழக்கமாக இதை யாரோ ஒருவர் நீலப் பின்னணியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரைந்து போஸ்டராகச் செய்வார், செயலாளர் அதை மெயிலில் ஒட்டுவார். அப்படியே செய்தேன்:

```
<a href="https://example.com/t?id=8841">
  <img src="notice_final2.jpg"></a>
<p>டேங்கர் பதிவுக்கு <a href="...">இங்கே</a> சொடுக்கவும்.
விதிமுறைக்கு <a href="...">இங்கே</a> சொடுக்கவும்.</p>
```

என்விடிஏ என்பது ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கரன் தொடங்கிய இலவச ஸ்க்ரீன் ரீடர். யாரும் இறக்கிக்கொள்ளலாம். மானிட்டரை அணைத்துவிட்டு அதில் இந்த மெயிலைக் கேட்டால், படம் இருந்த இடத்தில் "கிராஃபிக், லிங்க்" என்ற சொல்லோடு முகவரியின் ஒரு துண்டு வருகிறது. ரீடருக்கு ரீடர் இது கொஞ்சம் மாறும். சிலது கோப்பின் பெயரைப் படிக்கும், சிலது லிங்க் இல்லாத படமாக இருந்தால் சத்தமில்லாமல் தாண்டியே போய்விடும். எப்படியும் தேதி வரவில்லை, பிளாக் வரவில்லை. படம் சத்தமில்லாமல் போகும் நிலைதான் இன்னும் மோசம். ஏதோ விட்டுப்போச்சு என்றே கேட்பவருக்குத் தெரியாது. டேங்கர் பதிவு ஒன்று இருக்கு என்பது மட்டும் தெரியும், எதற்கு என்பது தெரியாது. மூன்றாம் நாள் காலையில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும்.

"படத்திலிருக்கும் எழுத்தைப் படிக்க ஸ்க்ரீன் ரீடரிலேயே ஓ.சி.ஆர். வந்துவிட்டதே" என்று கேட்கலாம். வந்திருக்கு. ஆனால் அதை இயக்கணும் என்றால் அங்கே படிக்க ஏதோ இருக்கு என்று முதலில் தெரியணும். பத்திகளைக் குறுக்கே சேர்த்துப் படித்துவிடும். படத்திலிருக்கும் தொடுப்பு எதையும் மீட்டுத் தராது. கடைசிக் கைத்தடியாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி மெயில் அனுப்ப முடியாது.

சரி, ஆல்ட் எழுதினால் போதுமா? போஸ்டரில் ஒரே வாக்கியம் இருந்தால் போதும். இங்கே மூன்று பிளாக், மூன்று தேதி, நேரம், கடைசி நாள் எல்லாம் இருக்கு. ஆல்ட் என்பது ஒரே மூச்சில் ஓடும் ஒற்றை வரி. அதற்குள் தலைப்பு வைக்க முடியாது, பட்டியல் வைக்க முடியாது, லிங்க் வைக்க முடியாது. தேதியை மட்டும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றால் நின்று திரும்ப வசதியான படிக்கட்டுகள் அதில் இல்லை. விஷயம் ஒரு வாக்கியத்தைத் தாண்டினால் அது மெயிலின் உடம்பில் எழுத்தாக இருக்கணும். படம் அலங்காரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வரிசை என்ற இரண்டாவது கண்ணி

இரண்டாவது முயற்சியில் போஸ்டரை விட்டு எழுத்தாகவே அடித்தேன், ஆனால் போஸ்டர் மாதிரியே தெரியணும் என்று டேபிளில் பக்கம்பக்கமாக வைத்தேன். இடது கட்டத்தில் பிளாக்குகளின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக. வலது கட்டத்தில் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. கண்ணுக்கு நேருக்கு நேர் பொருந்தி அழகாக இருந்தது. காதுக்கு இப்படி வந்தது: "அ பிளாக், ஆ பிளாக், இ பிளாக், டிசம்பர் 6, டிசம்பர் 7, டிசம்பர் 8."

ஸ்க்ரீன் ரீடர் கோடில் எழுதிய வரிசையில் போகும். முதல் கட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். இரண்டு கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வரும் அர்த்தம், கண்ணுக்கு மட்டும் கிடைக்கிற அர்த்தம். மூன்று பிளாக் என்பதால் மனசிலேயே பொருத்திக்கொள்ளலாம். பன்னிரண்டு பிளாக் என்றால் என்ன செய்வது?

அதோடு இன்னொன்று. இடம் ஒதுக்க மட்டும் போட்ட டேபிளா, உண்மையான அட்டவணையா என்பதை ரீடர் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தப்பினால் விஷயத்துக்கு முன்னால் "இத்தனை வரிசை, இத்தனை பத்தி கொண்ட டேபிள்" என்று அறிவிப்பு வரும். டேபிளுக்குள் டேபிள் வைத்த மெயிலில் இது அடுக்கடுக்காக வரும். அவுட்லுக்குக்காக டேபிள் போட்டே ஆகணும் என்றால், அது வெறும் சட்டம்தான் என்று சொல்லிவிட ஒரு குறிப்பு இருக்கு:

```
<table role="presentation">
```

இது அறிவிப்பை நிறுத்தும். ஆனால் கட்டங்களின் வரிசையைச் சரிசெய்யாது. அதை எழுதுகிறவர்தான் செய்யணும். சேர்ந்து கேட்க வேண்டியவை சேர்ந்தே எழுதப்பட்டிருக்கணும், அதுதான் 'எளிய அமைப்பு' என்பதன் பொருள்.

"இங்கே" என்பது எங்கே

மூன்றாவது கண்ணி லிங்க். இது வெப் பிறந்ததிலிருந்தே இருக்கிற வியாதி. டிம் பெர்னர்ஸ் லீ வெப்பின் ஆரம்ப வருஷங்களில் எழுதிய நடைக் கையேட்டிலேயே, 'இங்கே சொடுக்கு' என்று எழுதாதீர்கள், விஷயத்தின் பெயரையே தொடுப்பாக்குங்கள் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் அப்போது யோசித்தது காகிதத்தில் அச்சிட்டாலும் புரியணும் என்பதைப் பற்றி. அந்த அறிவுரை ஸ்க்ரீன் ரீடருக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

காரணம் கேட்பவர்கள் படிக்கும் முறை. பார்வை உள்ளவர் மெயிலை மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் படிப்பதில்லை, கண்ணை ஓட்டித் தேவையானதைப் பிடிப்பார். காதால் படிப்பவரும் அதையேதான் செய்கிறார், கீபோர்டால். H தட்டினால் அடுத்த தலைப்பு. Tab தட்டினால் அடுத்த லிங்க். என்விடிஏ, ஜாஸ் இரண்டிலும் Insert+F7 அழுத்தினால் லிங்க்குகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும். என் மாதிரி மெயிலில் அந்தப் பட்டியல் "இங்கே, இங்கே" என்று நின்றது. எது டேங்கர், எது விதிமுறை?

தமிழில் இது இன்னும் எளிதாக நடக்கும் என்று தோன்றுகிறது. நம்ம வாக்கியத்தில் நோக்கம் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். "டேங்கர் பதிவு செய்ய இங்கே சொடுக்கவும்" என்று எழுதிவிட்டு, கை தானாக வாக்கியத்தின் வாலில் இருக்கும் "இங்கே"யைத் தொடுப்பாக்குகிறது. பொருள் உள்ள பகுதி தொடுப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. திருத்தமும் எளிதுதான். கோட்டை முன்னால் நகர்த்தி "டேங்கர் பதிவுப் படிவம்" என்ற சொற்களைத் தொடுப்பாக்கிவிட்டால் "இங்கே சொடுக்கவும்" என்பதே தேவைப்படாது. வெப் அணுகல் விதிகளில், 2008-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.0, சுற்றியுள்ள வாக்கியத்தோடு சேர்த்துப் புரிந்தால் போதும் என்பதை அடிப்படைத் தகுதியாகவும், தொடுப்பு தனியாகவே புரிய வேண்டும் என்பதை மேல்தகுதியாகவும் வைத்தது. மெயிலில் அந்த மேல்தகுதியை எட்டுவது கஷ்டமே இல்லை.

இன்னொரு எல்லைக்கும் போகக்கூடாது. முழு முகவரியையும் அப்படியே ஒட்டினால் "ஹெச் டி டி பி எஸ் கோலன் ஸ்லாஷ் ஸ்லாஷ்" என்று ஆரம்பித்து, யார் சொடுக்கினார் என்று கண்காணிக்கச் சேர்த்த எண்கள் எல்லாம் வரிசையாக ஓடும்.

மூன்றையும் திருத்திய பிறகு மெயில் இப்படி ஆனது:

```
<div lang="ta">
<h1>தண்ணீர்த் தொட்டி கழுவுதல்: டிசம்பர் 6 முதல் 8 வரை</h1>
<p>காலை 9 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது.</p>
<ul>
<li>அ பிளாக்: டிசம்பர் 6</li>
<li>ஆ பிளாக்: டிசம்பர் 7</li>
<li>இ பிளாக்: டிசம்பர் 8</li>
</ul>
<p>டேங்கர் வேண்டுவோர் டிசம்பர் 4 மாலை 6 மணிக்குள்
<a href="...">டேங்கர் பதிவுப் படிவத்தை</a> நிரப்பவும்.</p>
<img src="drops.png" alt="">
</div>
```

கடைசிப் படத்தைக் கவனியுங்க. நீர்த்துளி வெறும் அலங்காரம், அதனால் ஆல்ட் இருக்கு, ஆனால் காலியாக இருக்கு. ஆல்ட்டையே எழுதாமல் விடுவதும் காலியாக விடுவதும் ஒன்றில்லை. காலி என்றால் 'இதில் ஒன்றுமில்லை, தாண்டிப் போ' என்று அர்த்தம். எழுதவே இல்லை என்றால் ரீடர் தானாக எதையாவது தேடி, கோப்பின் பெயரையாவது படித்துவிடலாம். முதல் வரியிலிருக்கும் மொழிக்குறிப்பு, தமிழ்க் குரலில் படிக்கணும் என்று சொல்வதற்கு. அதை மெயிலின் வெளிச் சட்டத்தில் எழுதாமல் உள்ளே எழுதியதற்குக் காரணம் இருக்கு. பல வெப்மெயில்கள் வெளிச் சட்டத்தை உரித்துவிட்டுத்தான் மெயிலைக் காட்டும், குறிப்பும் அதோடு போய்விடும்.

கோடே தெரியாத சங்கச் செயலாளரும் இதைச் செய்யலாம். ஜிமெயிலில் சும்மா தட்டெழுதி, பட்டியல் பொத்தானை அழுத்தி, சரியான சொற்களைத் தேர்ந்து லிங்க் போட்டாலே கிட்டத்தட்ட இதுதான் உருவாகும். தலைப்புக்கு மெயிலின் சப்ஜெக்ட் வரியே பெரும்பாலும் போதும், அதில் "முக்கிய அறிவிப்பு" என்று போடாமல் தேதியைப் போட்டால்.

அனுப்புமுன் சோதிக்க என்விடிஏ கூட வேண்டாம். மெயில் முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்க. நிறம் போகும், கட்டம் போகும், படத்துக்குள் இருந்த எழுத்தும் போகும். மிச்சம் நிற்பதுதான், ஏறக்குறைய அதே வரிசையில், காதுக்குப் போகப்போவது. தேதி அதில் இருக்கா, எந்தத் தேதி எந்த பிளாக்குக்கு என்பது அந்த வரியிலேயே இருக்கா என்று பாருங்க. பிறகு லிங்க் போட்ட சொற்களை மட்டும் தனியாகப் படிங்க.

அந்தச் சங்கத்தின் செயலாளர் இ பிளாக்கிலிருக்கும் ஒருவருக்கு இதே விஷயத்தை போனில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "உங்க பிளாக்குக்கு எட்டாம் தேதி சார், காலை ஒன்பதிலிருந்து நாலு வரை தண்ணி வராது, டேங்கர் வேணும்னா நாலாம் தேதிக்குள்ள படிவம் போட்டுடுங்க" என்பார். தேதியைச் சொல்ல அவருக்கு நீலப் பின்னணி தேவைப்படாது, "இங்கே" என்று விரல் நீட்டவும் மாட்டார். மெயிலில் எழுத வேண்டியதும் அந்த வாக்கியத்தைத்தான்.